வீட்டில் வாய்ப்பாடு: தினசரிச் சண்டை இல்லாமல் பெருக்கலைப் பழக்குவது குறித்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகள் ஏழாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறாள். "ஏழெட்டு எவ்வளவு?" என்று நடுவில் கேட்டால் விழிக்கிறாள். எங்கள் வீட்டில் சண்டை தொடங்குவதே அந்த இடத்தில்தான். ஏன் இப்படி?

சோம்பலோ பிடிவாதமோ இதற்குக் காரணம் அல்ல. வரிசையாக ஒப்பிக்கும்போது ஒவ்வொரு விடையும் தனக்கு முந்தைய விடையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. நாற்பத்தொன்பது என்று சொல்லி முடித்த வாய்க்கு ஐம்பத்தாறு தானாக வந்துவிடும். நடுவில் கேட்கும்போது அந்தப் பிடி இல்லை. ஒரு பாட்டின் மூன்றாம் அடி என்ன என்று திடீரென்று கேட்டால், பெரியவர்களும் முதல் அடியிலிருந்து முணுமுணுத்துத்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள். உங்கள் மகளும் ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு என்று உதட்டுக்குள்ளேயே ஏறி வருகிறாள். அவள் எட்டாவது படிக்கு வருவதற்குள் உங்களுக்குப் பொறுமை போய்விடுகிறது.

இருவர் தரப்பிலும் நியாயம் இருப்பதால்தான் இந்தச் சண்டை ஓய்வதில்லை. "காலையில் முழுதாகச் சொன்னாயே, இப்போது ஏன் சொல்லவில்லை?" என்று தாய் கேட்கிறார். தெரிந்ததைச் சொன்ன பிறகும் திட்டு விழுகிறதே என்று குழந்தை நினைக்கிறாள். உண்மையில் வரிசையாக ஒப்பிப்பது ஒரு திறமை, தனியாகக் கேட்ட பெருக்கலுக்கு விடை சொல்வது வேறொரு திறமை. முதலாவது வந்துவிட்டதால் இரண்டாவதும் வந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

வகுப்பில் தேவைப்படுவதோ இரண்டாவது திறமைதான். 47 × 8 என்ற கணக்கில் முதலில் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று கண்டு, ஆறை எழுதி, ஐந்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஐந்தை மறப்பதற்குள் நாலெட்டு முப்பத்திரண்டு என்று கண்டு, இரண்டையும் கூட்டி முப்பத்தேழு என எழுத வேண்டும், விடை 376. ஒவ்வொரு முறையும் ஓரெட்டிலிருந்து ஏறிவரும் குழந்தைக்கு, மேலே போய்ச் சேரும்போது கையில் வைத்திருந்த அந்த ஐந்து தொலைந்துவிடுகிறது. விடைத்தாளில் 326 என்று இருந்தால், அவளுக்குப் பெருக்கும் முறை தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முறையைச் சரியாகச் செய்து, இடையில் மீதியை மட்டும் தவறவிட்டிருக்கலாம்.

ஒப்பிப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த ஓசை காதில் பதிவதற்கு அது உதவுகிறது, பள்ளியிலும் அது நடக்கிறது. வீட்டில் கிடைக்கும் பத்து நிமிடத்தை, ஒப்பிப்பதால் கிடைக்காத ஒன்றுக்குச் செலவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

அப்படியானால் ஒன்று முதல் பத்து வரை உள்ள நூறு பெருக்கல்களையும் தனித்தனியாகப் பழக்க வேண்டுமா? மலைப்பாக இருக்கிறதே?

வேண்டியதில்லை. ஒன்றாலும் பத்தாலும் பெருக்குவதைத் தனியாகப் பழக்கத் தேவை இல்லை. 7 × 8, 8 × 7 இரண்டுக்கும் விடை ஒன்றே என்பதைக் குழந்தை புரிந்துகொண்டுவிட்டால், இரண்டு முதல் ஒன்பது வரையிலான எண்களில் வெவ்வேறான பெருக்கல்கள் 36 மட்டுமே இருக்கின்றன. இரண்டும் ஐந்தும் சேர்ந்தவற்றைப் பெரும்பாலான குழந்தைகள் ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 21.

இந்த 36 பெருக்கல்களையும் 36 சீட்டுகளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம் இதற்குப் போதும். சீட்டின் ஒரு விளிம்பில் 7 × 8 என்றும், தலைகீழாகத் திருப்பினால் தெரியும்படி எதிர் விளிம்பில் 8 × 7 என்றும், பின்பக்கத்தில் 56 என்றும் பெரிதாக எழுதுங்கள். பள்ளி இல்லாத ஒரு நாளில், இரண்டு மூன்று தவணையாக, 36 சீட்டுகளையும் கலந்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். மனத்துக்குள் ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். குழந்தையின் முன் கடிகாரத்தை வைக்க வேண்டாம். அதற்குள் சரியான விடை வந்த சீட்டு ஒரு குவியலில் போகட்டும். விடை சரியாக இருந்தும் யோசித்தோ விரல் விட்டு எண்ணியோ வந்திருந்தால் அது இரண்டாம் குவியலில் சேரட்டும். தவறாகச் சொன்னதும் தெரியாததும் மூன்றாம் குவியல். அன்றைக்கு எதையும் திருத்தவோ கற்றுக்கொடுக்கவோ வேண்டாம், பிரித்து வைத்தால் போதும்.

பாலக்கோட்டுப் பக்கம் நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவியின் தாய் இப்படிப் பிரித்தபோது கிடைத்ததைச் சொல்கிறேன். உடனே விடை வந்தவை 22. இரண்டு, ஐந்து சேர்ந்த 15 சீட்டுகளோடு 3 × 3, 3 × 4, 3 × 9, 4 × 4, 4 × 9, 6 × 6, 9 × 9 ஆகியவையும் அவற்றில் இருந்தன. யோசித்துச் சொன்னவை 8: 3 × 6, 3 × 7, 3 × 8, 4 × 6, 4 × 7, பிறகு ஒன்பதோடு ஆறு, ஏழு, எட்டு சேர்ந்த மூன்று. மூன்றாம் குவியலில் ஆறே சீட்டுகள் இருந்தன: 4 × 8, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8. எத்தனையோ மாலைப் பொழுதுகள் அழுகையில் முடிந்ததற்குக் காரணம் இந்த ஆறு சீட்டுகள்தாம் என்று தெரிந்தபோது, அந்தத் தாய்க்கு ஏற்பட்ட நிம்மதியைவிட மகளுக்கு ஏற்பட்ட நிம்மதி பெரிது. "எனக்குக் கணக்கே வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் எதிரில், தெரிந்த சீட்டுகள் தடித்த கட்டாகவும் தெரியாதவை மெல்லிய கட்டாகவும் கிடந்தன.

உங்கள் குழந்தையின் மூன்றாம் குவியலில் இருபது சீட்டுகள் இருந்தாலும் செய்யும் முறை இதுவேதான். நாள்கள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பிரித்தாகிவிட்டது. தினமும் எவ்வளவு நேரம், என்ன வரிசையில் கேட்பது?

பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் முடிந்தாலும் குறையில்லை. வாரத்தில் ஐந்து நாள் பத்துப் பத்து நிமிடமாகச் செய்தால் நினைவில் தங்குவது, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்தால் தங்குவதில்லை. இடையில் சற்று மறந்து, மறுபடி முயன்று நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் விடை உறுதிப்படுகிறது.

ஒரு நாளுக்குப் புதிய சீட்டு ஒன்று அல்லது இரண்டு, நன்றாகத் தெரிந்த சீட்டுகள் எட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். புதிய சீட்டு 4 × 8 என்று வைத்துக்கொண்டால், முதலில் அதன் விடையை நீங்களே சொல்லிக் காட்டி, குழந்தையைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு தெரிந்த சீட்டு ஒன்றைக் காட்டி, மறுபடி 4 × 8 கேளுங்கள். அடுத்து தெரிந்தவை இரண்டு, பிறகு 4 × 8. தெரிந்தவை மூன்று, பிறகு 4 × 8 என்று இடைவெளியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். எட்டுச் சீட்டுகளைத் தாண்டியும் விடை வந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. இந்த ஏற்பாட்டில் குழந்தை பெரும்பாலும் சரியான விடையையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். தெரியாத இருபதை அடுத்தடுத்துக் கேட்டால் இருபது முறை தோற்க வேண்டும். அப்படித் தோற்றவர் எவரும் மறுநாள் விருப்பத்தோடு வந்து உட்கார மாட்டார்.

அன்றே சரியாகச் சொன்னதை வைத்து மனத்தில் பதிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். மறுநாள் தொடங்கியவுடன், எதுவும் சொல்லிக்கொடுப்பதற்கு முன், நேற்றைய சீட்டை முதலில் காட்டிப் பாருங்கள். மூன்று வெவ்வேறு நாள்களில் அப்படி முதல் கேள்விக்கே உடனடியாக விடை வந்தால், அந்தச் சீட்டைத் தெரிந்தவற்றோடு சேர்க்கலாம். சேர்த்த பிறகும் வாரம் ஒரு முறை அது தலைகாட்ட வேண்டும்.

எந்தச் சீட்டை முதலில் எடுப்பது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். ஆறெட்டு நாற்பத்தெட்டு, ஏழெட்டு ஐம்பத்தாறு இரண்டையும் ஒரே வாரத்தில் புதிதாகத் தொடங்கினால், ஒன்றின் விடை மற்றொன்றின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெருக்கலில் குழந்தைகள் செய்யும் தவறுகளில் மிகுதியானவை இப்படிப்பட்டவையே: ஏழெட்டுக்கு நாற்பத்தெட்டு என்றோ அறுபத்துமூன்று என்றோ சொல்வார்கள். அவை வாய்ப்பாட்டில் இல்லாத எண்கள் அல்ல, பக்கத்துப் பெருக்கலின் விடைகள். ஆகவே பாலக்கோட்டு மாணவிக்கு முதலில் 4 × 8, 7 × 7 இரண்டையும், அவை நிலைத்த பிறகு 8 × 8, 6 × 7 இரண்டையும், அதன் பின் 6 × 8ஐயும், கடைசியில் 7 × 8ஐயும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆறும் நிலைக்க ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. இரண்டாம் குவியலில் இருந்த எட்டில் பாதி, அதற்குள் தனியாகப் பழக்காமலேயே விரைவாக வரத் தொடங்கியிருந்தன.

தவறாகச் சொன்னால் "யோசி, யோசி" என்கிறேன். அவன் அழத் தொடங்கிவிடுகிறான். வேறு என்னதான் செய்வது?

மூன்று எண்ணிக்கைக்குள் விடை வராவிட்டால் சீட்டைத் திருப்பி விடையைக் காட்டிவிடுங்கள். குரலை உயர்த்தாமல் "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று ஒரு முறை சொல்லுங்கள். கேள்வியையும் விடையையும் சேர்த்து அவன் ஒரு முறை திருப்பிச் சொல்லட்டும். இரண்டு சீட்டு கழித்து அதையே மறுபடி கேளுங்கள். இவ்வளவுதான் திருத்தம், இதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவையில்லை.

விடையைக் காட்டிக்கொடுத்தால் குழந்தை சோம்பேறியாகிவிடும் என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். நினைவில் இல்லாத விடை யோசிப்பதால் வந்துவிடாது. யோசிக்கும் அந்த அரை நிமிடத்தில் அவன் நாற்பத்தெட்டா, ஐம்பத்து நான்கா என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பார்க்கிறான். சொல்லிப் பார்த்த தவறான விடையும் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அம்மாவின் முகம் மாறுகிறதா என்று பார்ப்பதிலேயே அவன் கவனம் போய்விடுவதால், கணக்குக்கு மிஞ்சும் கவனமும் குறைந்துவிடுகிறது. பயத்தில் தெரிந்ததும் மறந்துபோகும் என்பது தேர்வறையில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும்.

"இதுகூடத் தெரியவில்லையா", "உன் அக்கா இரண்டாம் வகுப்பிலேயே சொன்னாளே" என்ற இரண்டு வாக்கியங்களை மட்டும் அந்தப் பத்து நிமிடத்தில் தவிர்த்துப் பாருங்கள். வேறு எந்த மாற்றமும் இல்லாமல் இதனாலேயே பாதி அழுகை நின்ற வீடுகள் உண்டு.

நிறுத்தும் உரிமையும் குழந்தைக்கு இருக்கட்டும். ஒரே சீட்டில் மூன்று முறை தடுமாறினால் அது இன்றைக்கு வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டு, தெரிந்த நான்கு சீட்டுகளைக் கேட்டு அன்றைய பயிற்சியை முடியுங்கள்.

உறவினர் வீட்டுக்கு வந்தால் "எங்கே, வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்" என்கிறார்கள். அப்போதெல்லாம் என் மகன் ஓடிவிடுகிறான்.

ஓடட்டும். தாய்மாமன் முன்னால் திணறிய குழந்தை மறுநாள் உங்களோடு உட்காரும்போதும் அந்தத் திணறலையே எதிர்பார்த்து உட்காருகிறான். "அவன் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறான், ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள் அண்ணா" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் வகுப்பு முடியப்போகிறது, இன்னும் விரல் விட்டு எண்ணுகிறான். கையைத் தட்டிவிடலாமா?

கையைத் தட்டிவிட்டால் மேசைக்கு அடியில் எண்ணுவான். விரலை விடுவதற்கு அதைவிட விரைவான வழி ஒன்று அவன் கையில் இருக்க வேண்டும். தெரிந்த பெருக்கலிலிருந்து தெரியாததைக் கண்டுபிடிப்பதே அந்த வழி. முதலில் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மளிகைக் கடையில் முட்டை வைத்திருக்கும் அட்டைத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். வழக்கமான தட்டில் ஒரு பக்கம் ஐந்து குழி, மறுபக்கம் ஆறு குழி, மொத்தம் முப்பது இருக்கும். ஐந்து வரிசையில் ஆறு ஆறாக எண்ணச் சொல்லுங்கள். பிறகு தட்டை ஒரு கால் சுற்றுத் திருப்பி, ஆறு வரிசையில் ஐந்து ஐந்தாக எண்ணச் சொல்லுங்கள். தட்டு மாறவில்லை, குழிகளும் மாறவில்லை என்பதை அவனே பார்க்கிறான். 5 × 6, 6 × 5 இரண்டும் ஒன்று என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் வரிசையாக நட்ட மரங்களையே காட்டலாம்.

அடுத்து, ஏழு வரிசையில் எட்டு எட்டுப் புளியங்கொட்டைகளை அடுக்கச் சொல்லி, ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஒரு குச்சியை வையுங்கள். மேலே ஐயெட்டு நாற்பது. அது அவனுக்குத் தெரியும். கீழே ஈரெட்டுப் பதினாறு, அதுவும் தெரியும். நாற்பதும் பதினாறும் ஐம்பத்தாறு. குச்சியை வேறு இடத்தில் வைத்தாலும் மொத்தம் மாறாது என்பதையும் அவனே வைத்துப் பார்க்கட்டும்.

பாலக்கோட்டு மாணவியின் ஆறு சீட்டுகளையும் இப்படியே பிடித்துவிடலாம். 6 × 7 என்பது ஐயேழு முப்பத்தைந்தோடு இன்னொரு ஏழு, நாற்பத்திரண்டு. 7 × 7 என்பது அதே முப்பத்தைந்தோடு பதினான்கு, நாற்பத்தொன்பது. 6 × 8 என்பது நாற்பதோடு எட்டு. 4 × 8 காண எட்டை இரட்டித்துப் பதினாறு, பதினாறை இரட்டித்து முப்பத்திரண்டு. அதையும் ஒரு முறை இரட்டித்தால் 8 × 8, அறுபத்து நான்கு. ஒன்பது சேர்ந்தவற்றுக்குப் பத்தில் தொடங்கிக் குறைத்தால் போதும்: 7 × 9 என்பது எழுபதில் ஏழு குறைய அறுபத்துமூன்று.

இதில் ஒரு எல்லை உண்டு. இப்படிக் கண்டுபிடிக்கும் வழி நினைவுக்குப் போகும் பாதைதான். அதிலேயே நின்றுவிட்டால் 47 × 8 போன்ற கணக்கில் மறுபடியும் தாமதமாகும். எனவே முதல் சில நாள் கண்டுபிடித்துச் சொல்லட்டும், பிறகு சீட்டு முறையில் விரைவு வரட்டும். மாறாக, இரட்டிப்பதே தெரியாமல் சீட்டை மட்டும் பார்த்து மனப்பாடம் செய்தவன், விடை மறந்துவிட்டால் திரும்பிப்போக வழியின்றி நிற்பான்.

தவறான வாய்ப்பாட்டை இருபது முறை எழுதச் சொல்கிறேன். அது பயன்படுமா?

பெரும்பாலும் இல்லை. எழுதும்போது பக்கத்தில் நின்று கவனித்துப் பாருங்கள். முதலில் மேலிருந்து கீழாக 7, 7, 7 என்று ஒரு பத்தி, அடுத்துப் பெருக்கல் குறிகளாக ஒரு பத்தி, பிறகு 1, 2, 3 என்று ஒரு பத்தி, கடைசியில் விடைகளைப் பக்கத்திலிருந்து பார்த்து ஒரு பத்தி. ஏழையும் எட்டையும் ஐம்பத்தாறையும் ஒரு கணம்கூடச் சேர்த்து நினைக்காமலேயே முழுப் பக்கத்தையும் நிரப்பிவிடலாம், கெட்டிக்காரக் குழந்தைகள் அப்படித்தான் நிரப்புகிறார்கள். பள்ளியில் எழுதச் சொல்லியிருந்தால் எழுதட்டும். வீட்டில் நீங்கள் அதைத் தண்டனையாகக் கூட்ட வேண்டாம்.

நாங்கள் ஓசூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். நான் படித்தது தமிழ்வழி, மகள் படிப்பது ஆங்கிலவழி. வாய்ப்பாட்டை எந்த மொழியில் பழக்குவது?

விடை சொல்வது பள்ளியில் கேட்கப்படும் மொழியில் இருக்கட்டும். வாய்ப்பாடு பெரும்பாலும் ஓசையாகவே நினைவில் தங்குகிறது. எந்த மொழியில் பழகினோமோ அந்த மொழியில் விரைவாகவும் மற்ற மொழியில் சற்றுத் தாமதமாகவும் வரும். தமிழிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு எத்தனையோ ஆண்டுகளாக ஆங்கிலத்தில் அலுவலக வேலை பார்ப்பவர்கள்கூட, பெருக்கும்போது வாய்க்குள் "ஏழெட்டு" என்றுதான் முணுமுணுக்கிறார்கள். காலையில் ஒரு மொழியிலும் மாலையில் வேறொரு மொழியிலும் கேட்டால், ஒரே பெருக்கலைக் குழந்தை இரண்டு முறை கற்க வேண்டியிருக்கும்.

பொருளை விளக்குவதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. முட்டைத் தட்டையும் புளியங்கொட்டை வரிசையையும் பற்றித் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசுங்கள். வீட்டு மொழியில் சொன்னால்தான் அது நன்றாகப் புரியும். சீட்டில் இருப்பது எண் மட்டுமே என்பதால், உங்களுக்கு ஆங்கிலத்தில் வாய்ப்பாடு தெரியாவிட்டாலும் பின்பக்கத்தைப் பார்த்துச் சரிபார்த்துவிடலாம்.

ஆங்கிலவழிக் குழந்தைகளிடம் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும், சிக்ஸ்டீன், சிக்ஸ்டி இரண்டும் காதில் ஒன்றுபோல விழுவதால், சொல்லும்போது சரியாக இருப்பது எழுதும்போது மாறிவிடுகிறது. வாரம் ஒரு நாள் விடையைச் சொல்வதற்குப் பதிலாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தவறு எண்ணின் பெயரிலா பெருக்கலிலா என்பது தெரிந்துவிடும்.

நானும் கணவரும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாலையில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அவர் கேட்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். குழந்தை சீட்டை எடுத்து, விடையைப் பாட்டியிடம் வாய்விட்டுச் சொல்லி, பிறகுதான் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது விதி. வாய்விட்டுச் சொல்வதற்கு முன் திருப்பினால் பாட்டி அந்தச் சீட்டை வாங்கி அடியில் வைத்துவிடுவார். சரியாக இருந்தால் வலப்பக்கம், தவறாக இருந்தால் இடப்பக்கம். நீங்கள் வேலையிலிருந்து வந்து இடப்பக்கக் கட்டைப் பார்த்தாலே எந்தச் சீட்டில் தடுமாற்றம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அன்றிரவே அவளை எழுப்பிக் கேட்க வேண்டாம், மறுநாள் கட்டில் சேர்த்தால் போதும்.

ஷிப்ட் வாரந்தோறும் மாறும் வீடுகளில் "மாலை ஏழு மணி" என்று நேரம் குறிப்பதைவிட, "சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தவுடன்" என்று ஒரு வேலையோடு சேர்த்துவிடுவது நிலைக்கும். பள்ளியிலிருந்து பசியோடு வந்தவுடனும், தூங்கி விழும் நேரத்திலும் தொடங்க வேண்டாம்.

கைபேசியில் வாய்ப்பாட்டு விளையாட்டுகள் இருக்கின்றனவே, அவற்றைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும் விளையாட்டில் குழந்தை விடையை நினைவுக்குக் கொண்டுவருவதில்லை, அடையாளம் மட்டும் காண்கிறது. விடையைத் தானே தட்டச்சு செய்ய வேண்டியதாக இருப்பது மேல். நொடி குறைந்துகொண்டே வரும் கடிகாரத்தை அணைக்க முடியாவிட்டால், இன்னும் தடுமாறும் குழந்தைக்கு அது வேண்டாம்.

நோட்டின் பின்னட்டையில் பதினாறு வரை வாய்ப்பாடு இருக்கிறது. அதையும் மனப்பாடம் செய்ய வேண்டாமா?

ஒன்பது வரை நிலைத்த பிறகு அது கடினமாக இராது. அதற்கு முன் அதைத் தொடுவதில் பயனில்லை. 12 × 7 என்பது எழுபதும் பதினான்கும், எண்பத்து நான்கு. 15 × 6 என்பது அறுபதும் முப்பதும், தொண்ணூறு. பள்ளியில் பதினாறு வரை ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிக்கட்டும், ஆனால் உங்கள் பத்து நிமிடம் அதற்குப் போக வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் பயன் இல்லை என்றால்? எப்போது ஆசிரியரிடம் பேச வேண்டும்?

நான்கைந்து வாரம் ஒழுங்காகச் செய்த பிறகும் ஐந்தாறு சீட்டுகள்கூட நிலைக்கவில்லை என்றால் மேலும் அழுத்த வேண்டாம், கீழே இறங்கிப் பாருங்கள். 8 + 6 என்று கேட்டால் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறதா? நான்கு கிண்ணத்தில் மூன்று மூன்று வேர்க்கடலை போட்டுவிட்டு மொத்தம் எவ்வளவு என்று கேட்டால், மூன்று மூன்றாகச் சேர்க்காமல் ஒவ்வொன்றாக எண்ணுகிறதா? 40, 16 இரண்டையும் மனக்கணக்காகக் கூட்ட முடிகிறதா? இவற்றில் தடுமாறினால் பிரச்சினை வாய்ப்பாட்டில் இல்லை. கூட்டலும் இரட்டிப்பும் முதலில் உறுதிப்பட வேண்டும். அதுவரை பெருக்கல் சீட்டுகளை ஓரமாக வைத்துவிடுங்கள். எண்களைத் திருப்பி எழுதுவது, எழுத்துகளைப் படிப்பதிலும் சிரமப்படுவது, கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்ப்பது போன்றவை சேர்ந்து தெரிந்தால், பார்வைப் பரிசோதனையும் வகுப்பாசிரியரின் கருத்தும் தேவை.

அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் குழந்தை கணக்கில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் ஆசிரியரால் சொல்ல முடியும். போகும்போது மூன்று குவியல்களையும் தனித்தனி ரப்பர் வளையம் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "கணக்கில் மந்தம்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இந்த ஒன்பது சீட்டுகள் ஐந்து வாரமாக நகரவில்லை, இரட்டிப்பது வருகிறது, 40-உம் 16-உம் கூட்டுவது வரவில்லை" என்று காட்டினால், வகுப்பில் எதைத் தொடங்க வேண்டும் என்று அவரும் அங்கேயே சொல்லிவிடுவார்.